ரீலை எந்த நொடியில் விட்டுப் போகிறார்கள்? ரிடென்ஷன் வரைபடமும் பொருள் வீடியோவின் ஸ்கிரிப்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிடென்ஷன் வரைபடத்தில் இறங்கிக்கொண்டே போகும் அந்தக் கோடு எதைச் சொல்கிறது?

கிடைமட்டத்தில் ரீலின் நொடிகளும் செங்குத்தில் சதவீதமும் இருக்கின்றன. ஒன்பதாவது நொடியில் கோடு 48-இல் நின்றால், ரீல் ஓடத் தொடங்கிய நூறு பார்வைகளில் 48 பார்வைகள் அந்த நொடி வரை வந்திருக்கின்றன என்று பொருள். அதற்கு மேல் அந்த ஒற்றை எண்ணில் எதுவும் இல்லை. பிடித்ததால் இருந்தார்களா, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டதால் ஓடிக்கொண்டிருந்ததா என்பதைக் கோடு சொல்லாது.

எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, பார்வைகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவரே இரண்டு முறை பார்த்தால் அது இரண்டு பார்வையாகவே எண்ணப்படும். யூடியூப் ஷார்ட்ஸில் கோடு சில சமயம் நூறைத் தாண்டி நிற்பதற்கும் மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் காரணம். அங்கே 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ உடனே ஒரு பார்வையாகக் கணக்கில் சேர்கிறது. குறைந்தபட்ச நேரம் எதுவும் இல்லை. ஆகவே அதற்கு முந்தைய பார்வை எண்ணிக்கையையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பயன் தராது.

எங்கள் ரீலில் முதல் மூன்று நொடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்துவிடுகிறது. ஸ்கிரிப்டே தவறா?

விழுவது இயல்பு, எவ்வளவு விழுகிறது என்பதுதான் பேச்சு. ரீலை யாரும் தேடி வந்து திறப்பதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களின் வழியில் அது குறுக்கிடுகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் எதைக் காட்டினாலும் போகத்தான் போகிறார்கள், ஏனென்றால் அந்தப் பொருள் அவர்களுக்குத் தேவையே இல்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பற்றிய ரீல், பாட்டில் கழுவும் வேலையே இல்லாதவரை நிறுத்தி வைக்க முடியாது, நிறுத்தி வைத்தும் பயனில்லை.

அதனால் இந்த முதல் வீழ்ச்சியைத் தனியாகப் பார்த்து மனம் தளர்வதைவிட, உங்கள் பக்கத்தின் முந்தைய ஏழெட்டு ரீல்களின் மூன்றாவது நொடி எண்களை வரிசையாக எழுதிவைத்து, இந்த ரீல் அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் Skip rate என்ற பெயரில் தெரியும் எண் இந்தத் தொடக்க நொடிகளில் தள்ளிவிட்டுப் போனவர்களைத்தான் காட்டுகிறது. அதையும் உங்கள் சொந்த ரீல்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். வேறொருவர் பெருமையாகச் சொல்லும் எண் வேறு பொருளுக்கும் வேறு பார்வையாளர்களுக்கும் உரியது.

கோடு நான்கைந்து இடங்களில் இறங்குகிறது. எந்த இறக்கத்தை முதலில் சரிசெய்வது?

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் இறக்கம் உண்மையில் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நூறு பேரில் இருபது பேர் போவதும், எஞ்சியிருக்கும் நாற்பது பேரில் இருபது பேர் போவதும் வரைபடத்தில் ஒரே உயரம்தான். ஆனால் முன்னது ஐந்தில் ஒருவரை இழப்பது, பின்னது பாதிப் பேரை இழப்பது. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும், அந்தப் பகுதி தொடங்கியபோது இருந்தவர்களில் எத்தனை பங்கு அது முடிவதற்குள் போனார்கள் என்று கணக்கிட வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுவதும் அதையே பின்தொடர்வோம். வாய் குறுகிய தண்ணீர் பாட்டில்களைக் கழுவும், தலை வளையும் பிரஷ் ஒன்றுக்கான 34 நொடி ரீல். அதன் பழைய ஸ்கிரிப்ட் இப்படி இருக்கிறது:

0–3: சின்னம் சுழன்று வருகிறது. "வணக்கம், எங்கள் பக்கத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்."
3–8: பேசுபவரின் முகம். "தண்ணீர் பாட்டிலைத் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதன் உட்புறம் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?"
8–15: வெள்ளைப் பின்னணியில் அசையாமல் நிற்கும் பிரஷ். "உயர்தர சிலிகானால் ஆன, முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள, வழுக்காத கைப்பிடியுடன் மூன்று நிறங்களில் கிடைக்கக்கூடிய இந்தப் பிரஷ்ஷை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம்."
15–25: பிரஷ் பாட்டிலுக்குள் போகிறது, தலை வளைகிறது, அடியில் இருந்த கறை வளையம் மறைகிறது.
25–34: மீண்டும் முகம். "ஆகவே நண்பர்களே, பிடித்திருந்தால் லைக் செய்யுங்கள், பகிருங்கள், வாங்குவதற்கான இணைப்பு எங்கள் முகப்பில் இருக்கிறது. நன்றி, வணக்கம்."

கோடு மூன்றாவது நொடியில் 58, எட்டாவதில் 49, பதினைந்தாவதில் 27, இருபத்தைந்தாவதில் 24, முடிவில் 9 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவேற்பு மூன்று நொடியில் 42 சதவீதத்தை இழந்தது. கேள்வி கேட்கும் பகுதியில் 58 பேரில் 9 பேர், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர் போனார். விவரப் பட்டியல் வந்தபோது 49 பேரில் 22 பேர், கிட்டத்தட்ட பாதி. செயல்விளக்கம் ஓடிய பத்து நொடியில் 27 பேரில் 3 பேர் மட்டும். கடைசிப் பகுதியில் 24 பேரில் 15 பேர்.

இப்போது படம் மாறிவிடுகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் தொடக்கத்துக்குத்தான் போகும். ஆனால் தொடக்கத்தைத் தாண்டி, கேள்வியையும் கேட்டு, பொருளைப் பார்க்கத் தயாராக இருந்தவர்களில் பாதிப் பேரை அந்த விவரப் பட்டியல் வெளியே அனுப்பியிருக்கிறது. இவர்கள்தான் வாங்கக்கூடியவர்கள் என்பதால், எனக்கு முதல் வீழ்ச்சியைவிட இந்த இரண்டாவது வீழ்ச்சிதான் வலிக்கிறது. பிரஷ் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர்தான்.

கோடு விழும் நொடியில் எந்த வரி இருக்கிறதோ, அதைத்தானே மாற்ற வேண்டும்?

பெரும்பாலும் இல்லை. சலிப்பு வருவதற்கும் விரல் நகர்வதற்கும் இடையே சிறு நேரம் கடக்கிறது. வரைபடம் பதிவு செய்வது விரல் நகர்ந்த நொடியை. காரணம் அதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னால் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் கோடு மிகக் கூர்மையாக விழுவது பத்தாவது நொடிக்கும் பதினொன்றாவது நொடிக்கும் இடையில் என்றால், அப்போது ஒலிப்பது "முப்பது சென்டிமீட்டர்" ஆக இருக்கலாம். அந்த அளவைச் சொன்னது குற்றமில்லை. எட்டாவது நொடியில் அசையாத படமும் முடிவே தெரியாத ஒரு நீண்ட வாக்கியமும் சேர்ந்து தொடங்கியதே காரணம்.

காரணம் காட்சியிலா குரலிலா என்று பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தாளில் நொடி, காட்சி, குரல், திரையில் தெரியும் எழுத்து என்று நான்கு பத்திகள் போட்டு ரீலை அப்படியே எழுதுங்கள். காட்சி வெட்டு விழும் நொடிகளைத் தனியாகக் குறியுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், திரையை மறைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். இறக்கம் ஒரு வெட்டை ஒட்டித் தொடங்கினால் காட்சியைச் சந்தேகிக்கலாம். காட்சி மாறாமலிருக்கும்போது ஒரு வாக்கியத்தின் நடுவே தொடங்கினால் குரலைச் சந்தேகிக்கலாம். ஒலியை அணைத்துப் பார்த்தபோது ஒரு பகுதியில் என்ன நடக்கிறது என்றே உங்களுக்குப் புரியாவிட்டால், ஒலியின்றி ரீல் பார்க்கும் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

செயல்விளக்கப் பகுதியில் கோடு கிட்டத்தட்ட தட்டையாக நிற்கிறது. அதைத் தூக்கி முதலில் வைத்துவிட்டால் முடிந்ததா?

திசை சரி, எதிர்பார்ப்பைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டைக் கோட்டுக்கு இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, காட்சி உண்மையிலேயே கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. மற்றொன்று, பதினைந்து நொடி சலிப்பைத் தாண்டி அங்கே வந்து சேர்ந்த 27 பேரும் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள்; அவர்களுக்குப் பாட்டில் கழுவுவது உண்மையான தொல்லை. அவர்கள் வேறு எதைக் காட்டியிருந்தாலும் சிறிது நேரம் நின்றிருப்பார்கள்.

அதே காட்சியை முதல் நொடிக்குக் கொண்டுவந்தால் அதைப் பார்ப்பது வடிகட்டப்படாத நூறு பேர். பத்து நொடியில் ஒன்பதில் ஒருவர் மட்டுமே போவார் என்ற பழைய வீதம் அங்கே திரும்ப வராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள், காட்சியை முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு "செயல்விளக்கமும் எடுபடவில்லை" என்று அதை எறிந்துவிடுவதுண்டு. தட்டைப் பகுதியை முன்னால் வைப்பதன் பயன் வேறு: பொருள் வேலை செய்வதைப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை கூடும். அதை எண்ணித்தான் வெற்றியா தோல்வியா என்று சொல்ல வேண்டும்.

சரி, ஸ்கிரிப்டை மாற்றி எழுத எங்கிருந்து தொடங்குவது?

முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். பார்த்தவர் எந்த ஒரு காட்சியைக் கண்டால் இந்தப் பொருளை நம்புவார் என்று கேட்டு, அதை முதலில் தேர்ந்தெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது, கறை வளையம் இருந்த இடம் ஒரே சுற்றில் தெளிவாகிவிடும் அந்தக் கணம். அதை ஆறாவது நொடிக்குள் வைப்பது என்று முடிவு செய்துகொண்டு, அதற்குமுன் எது இருந்தால்தான் அந்தக் கணம் புரியும் என்று பின்னோக்கி எழுத வேண்டும். கறை முதலில் தெரிய வேண்டும், கை அங்கே எட்டாது என்பது தெரிய வேண்டும். அவ்வளவுதான். வரவேற்பும் சின்னமும் அந்தக் கணத்தைப் புரிந்துகொள்ள உதவவில்லை, ஆகவே அவற்றுக்கு இடமில்லை. யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் போய்விடுமே என்று தோன்றலாம். பக்கத்தின் பெயர் ரீலின் கீழேயே எழுதியிருக்கிறது.

புதிய ஸ்கிரிப்ட் 22 நொடிக்கு அடங்குகிறது:

0–3: பாட்டிலின் உள்ளே மிக அருகில், அடியில் பழுப்பு வளையம், விரல்கள் வாயிலேயே சிக்கி நிற்கின்றன. "கை உள்ளே போகாது. இந்தக் கறை எப்படிப் போகும்?"
3–7: பிரஷ் நுழைகிறது, தலை வளைகிறது, ஒரு சுற்று, ஆறாவது நொடியில் தண்ணீர் ஊற்றியதும் அடிப்பகுதி தெளிவு. "தலை வளைகிறது. மூலைக்கும் எட்டுகிறது."
7–13: தோளில் மடிப்புள்ள வேறொரு பாட்டில், அதே வேலை. "சிலிகான் என்பதால் கீறல் விழாது. ஈரக் கையிலும் பிடி வழுக்காது."
13–18: வெள்ளைப் படிவுள்ள பாட்டில். "நாள்பட்ட உப்புப் படிவு மட்டும் தேய்த்தால் போகாது. முதலில் வினிகரில் ஊறவையுங்கள்."
18–22: பிரஷ்ஷை உயரமான பாட்டிலின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறோம். "நீளம் முப்பது சென்டிமீட்டர். இணைப்பு முகப்பில்." உடனே அடுத்த கறை பாட்டிலின் வாய், அங்கேயே வெட்டு.

பழைய விவரப் பட்டியலில் இருந்தவற்றில் நிறங்களைத் தவிர எதுவும் காணாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சிலிகான், பிடி, நீளம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அது எதற்குப் பயன்படுகிறதோ அந்தச் செயல் திரையில் நடக்கும்போது சொல்லப்படுகிறது. வழுக்காத பிடி என்பதை ஈரக் கையைக் காட்டாமல் சொன்னால் அது வெறும் பாராட்டு. ஈரக் கை சுழற்றும்போது சொன்னால் பார்ப்பவரே சரிபார்த்துக்கொள்கிறார். நிறங்களை ரீலின் கீழே எழுதும் குறிப்பில் போட்டுவிடலாம்.

எழுதும்போது சிறியதாகத் தெரியும் வரிகள், பேசும்போது நீண்டுவிடுகின்றன. ஏன்?

நொடிக்கு இத்தனை சொல் என்று பிறமொழிகளுக்கு எழுதப்பட்ட கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது. "அறிமுகப்படுத்துகிறோம்" என்பது எண்ணிக்கையில் ஒரு சொல், வாயில் ஒரு நொடிக்கு மேல். சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டு, நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படிப்பது எப்போதும் வேகமாகத்தான் முடியும்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "உயர்தர சிலிகானால் ஆன, முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள, வழுக்காத கைப்பிடியுடன்" என்று அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகும்போது, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் அது என்ன செய்கிறது என்பதும் ஆறாவது ஏழாவது நொடியில்தான் கேட்பவருக்குக் கிடைக்கின்றன. அச்சில் படிப்பவர் கண்ணை முன்னே ஓட்டிக்கொள்ளலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பெயரெச்சங்களை உடைத்து, ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக்குங்கள். "தலை வளைகிறது" என்பது இரண்டே சொல், எழுவாயும் பயனிலையும் ஒரு நொடிக்குள் வந்துவிடுகின்றன. ரீல் ஸ்கிரிப்டைத் தவிர வேறெங்கும் நான் இவ்வளவு குட்டையான வாக்கியங்களைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய ரீலை ஏற்றினோம். சராசரி பார்வை நேரம் ஏறவே இல்லையே. உழைப்பு வீணா?

எடுத்துக்காட்டையே தொடர்வோம். புதிய ரீலின் கோடு மூன்றாவது நொடியில் 71, ஏழாவதில் 60, பதிமூன்றாவதில் 49, பதினெட்டாவதில் 37, முடிவில் 28 என்று வந்திருப்பதாகக் கொள்வோம். சராசரி பார்வை நேரம் என்பது கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான். ஒவ்வொரு பகுதியின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பகுதியின் நொடிகளால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும். இப்படிக் கணக்கிட்டால் பழைய 34 நொடி ரீலுக்கு 11.7 நொடி, புதிய 22 நொடி ரீலுக்கு 11.9 நொடி. அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவர் எதுவும் மாறவில்லை என்றே முடிவு கட்டுவார்.

சதவீதத்தில் பார்த்தால் 34-இலிருந்து 54-க்கு உயர்ந்திருக்கிறது. ஆனால் அதையும் நான் முழுதாக நம்புவதில்லை, ஏனென்றால் ரீலைச் சுருக்கினாலே சதவீதம் தானாக ஏறும். நீளம் வேறுபடும் இரண்டு ரீல்களை ஒப்பிட நியாயமான வழி, ஒரே நொடியை ஒப்பிடாமல், ஸ்கிரிப்டின் ஒரே செய்தியை ஒப்பிடுவது. கறை போன கணத்தைப் பழைய ரீலில் நூற்றுக்கு 25 பேர் பார்த்தார்கள். புதியதில் ஆறாவது நொடியில் 60-க்குச் சற்று மேல். இணைப்பு எங்கே இருக்கிறது என்ற வரி பழையதில் ஏறத்தாழ 29-ஆவது நொடியில் வந்தது, அப்போது இருந்தவர்கள் 17 பேர் அளவில். புதியதில் அந்த வரி 20-ஆவது நொடியில், 32 பேர் அளவில். ரீலை மாற்றி எழுதியது பலித்ததா என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு இணைகளில்தான் இருக்கிறது.

இவற்றோடு முகப்புப் பக்கத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையையும் இணைப்பைத் தொட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். பொருளின் முகத்தைக் கடைசி வரை மறைத்துவைத்து ஆவலைத் தூண்டினால் ரிடென்ஷன் கோடு அழகாக நிற்கும். இணைப்பை யாரும் தொட மாட்டார்கள்.

எத்தனை பார்வைகள் வந்த பிறகு வரைபடத்தை நம்பலாம்?

கோடு பார்ப்பதற்கு எப்போதும் வழுவழுப்பாகவும் உறுதியாகவும் தெரிவதால் இதை மறந்துவிடுகிறோம். 400 பார்வைகள் உள்ள ரீலில் கோடு 50-இல் நின்றால், தற்செயலால் மட்டுமே அது ஐந்து புள்ளிகள் வரை மேலோ கீழோ நகர்ந்திருக்கக்கூடும். ஆகவே 58-க்கும் 71-க்கும் உள்ள வேறுபாட்டை 400 பார்வையிலேயே நம்பலாம். 58-க்கும் 61-க்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு ஒரு வரியை மாற்றுவது காற்றைப் பிடிக்கும் வேலை.

கோட்டின் வால் பகுதி இன்னும் பலவீனமானது. 400 பார்வைகளில் 24 சதவீதம் எஞ்சியிருக்கும்போது அங்கே இருப்பது 96 பார்வைகள்தான். ஐந்தாறு பேர் போனாலே கோட்டில் ஒரு படி தெரியும். முதல் பாதியைப் படிக்கச் சில நூறு பார்வைகள் போதும், கடைசி நொடிகளைப் படிக்க ஆயிரத்துக்கு மேல் காத்திருப்பது நல்லது.

ரீலை விளம்பரமாகவும் ஓட்டினோம். அதனால் வரைபடம் மாறுமா?

மாறும். பணம் கொடுத்துக் காட்டப்பட்டவர்கள், தானாகப் பரிந்துரைக்கப்பட்டவர்கள், ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் ஆகிய மூன்று கூட்டமும் மூன்று விதமாக நடந்துகொள்வார்கள். பின்தொடர்பவர்கள் வரவேற்பைக்கூடப் பொறுமையாகக் கேட்பார்கள். புதிய முகங்கள் அப்படி இல்லை. ரீல் வெளியான முதல் நாளில் பின்தொடர்பவர்கள் அதிகமாகவும் பிறகு புதியவர்கள் அதிகமாகவும் பார்த்தால், ஸ்கிரிப்டில் எதுவும் மாறாமலேயே கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும்.

எனவே விளம்பரம் தொடங்குவதற்கு முன்னால் வரைபடத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களிடம் மட்டும் சோதிக்க விரும்பினால், இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த Trial reels வசதி பயன்படும். அது ரீலை முதலில் பின்தொடராதவர்களுக்கே காட்டுகிறது. பழைய ஸ்கிரிப்டையும் புதியதையும் அந்த வழியில் அனுப்பினால், இரண்டையும் ஏறக்குறைய ஒரே வகைக் கூட்டத்திடம் காட்டியதாகும்.

நடுவில் ஓரிடத்தில் கோடு மேலே ஏறுகிறது. போனவர்கள் திரும்பி வந்தார்களா?

இல்லை, இருப்பவர்கள் பின்னோக்கி இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். திரையில் எழுத்து அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருந்தால் இப்படி ஒரு மேடு வரும். காட்சி வியப்பாக இருந்தாலும் வரும். அந்த இடத்தில் உள்ள எழுத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முடிக்குமுன் காட்சி மாறிவிட்டால் அது புகழ்ச்சி அல்ல, புகார்.

கடைசி நொடிகளில் மொத்தமாகக் காலியாகிவிடுகிறது. வாங்கச் சொல்லும் வரியைப் பிறகு எங்கே வைப்பது?

"ஆகவே நண்பர்களே" என்று குரல் இறங்கியதுமே ரீல் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் வரி எதுவாக இருந்தாலும் காலி அரங்கில் பேசுவதுதான். லைக், பகிர்வு, நன்றி, வணக்கம் என்று நான்கு வேண்டுகோளை அடுக்கினால் அவற்றுக்கு நடுவே இணைப்பு பற்றிய ஒன்று தொலைந்துபோகும். முடிவை அறிவிக்கும் சொற்களை எடுத்துவிட்டு, இணைப்பைப் பற்றிய வரியை ஒரு பயனுள்ள தகவலின் வாலில் ஒட்டிவிடுங்கள். புதிய ஸ்கிரிப்டில் அது நீளத்தின் பின்னால் வருகிறது. நீளம் தெரிந்தால்தான் தன் பாட்டிலுக்கு இது எட்டுமா என்று பார்ப்பவர் முடிவு செய்ய முடியும், அதனால் அந்த வரிக்காகக் காத்திருக்க அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது.

பழைய ரீலிலேயே வீடியோவை மட்டும் மாற்றிவிட முடியாதா?

முடியாது, கீழே உள்ள குறிப்பைத் திருத்தலாம், வீடியோவைத் திருத்தியதைப் புதிய பதிவாகத்தான் ஏற்ற வேண்டும். பழையதை உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் ஒப்பிடுவதற்கான வரைபடமும் அதோடு போய்விடும்.

புதிய ரீலில் உப்புப் படிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கோடு விழுகிறது. அந்த வரியை எடுத்துவிடலாமா?

கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பதிமூன்றாவது நொடிக்கும் பதினெட்டாவது நொடிக்கும் இடையே 49 பேரில் 12 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர் போயிருக்கிறார். அதற்கு முந்தைய ஆறு நொடிகளில் போனவர்கள் 60 பேரில் 11 பேர்தான். கோட்டை மட்டும் பார்த்து வெட்டுபவர் இந்த வரியைத்தான் அடுத்து வெட்டுவார்.

நான் வெட்ட மாட்டேன். பிரஷ்ஷால் செய்ய முடியாதது எது என்று சொல்லும் ஒரே வரி அது. அதை எடுத்துவிட்டால், வெள்ளைப் படிவுள்ள பாட்டிலுக்காக வாங்கியவர் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார், கருத்துப் பகுதியில் எழுதவும் செய்வார். அந்த இழப்பு எந்த வரைபடத்திலும் வராது. போன 12 பேரில் சிலர், தங்கள் சிக்கல் உப்புப் படிவுதான் என்பதால் இந்தப் பொருள் தமக்கில்லை என்று தெரிந்தே போயிருக்கலாம், அப்படியானால் அந்த வரி தன் வேலையைச் செய்திருக்கிறது.

வரியை வைத்துக்கொண்டே அதன் நீளத்தைக் குறைக்கலாம். ஐந்து நொடி குரலுக்குப் பதிலாக, வினிகர் ஊற்றும் கையையும் "உப்புப் படிவா? முதலில் ஊறவையுங்கள்" என்ற திரை எழுத்தையும் இரண்டரை நொடிக்குக் காட்டிவிட்டு, அதே பாட்டிலை ஊறிய பின் தேய்க்கும் காட்சிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பதிப்பில் இந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடக்க வரியையும் சேர்த்து மாற்றினால், கோடு ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.